கொரிய வணக்கத்தில் மரியாதை பிசகும் இடங்கள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

கொரிய மொழி கற்பவர் உச்சரிப்பில் தவறினால் எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார். மரியாதை அளவில் தவறினால் அநேகமாக யாரும் திருத்துவதில்லை. வெளிநாட்டவர், தெரியாமல் சொல்கிறார் என்று விட்டுவிடுவார்கள், அல்லது பேச்சைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஆகவே பிழை எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் தரும் மறுமொழியைக் கவனித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நாடகத் தொடர்கள் வழியாகக் கொரிய மொழிக்கு வந்தவர்களுக்கும், திருப்பெரும்புதூர் வட்டாரத்துக் கொரிய நிறுவனங்களில் வேலைக்குச் சேர்பவர்களுக்கும், இலங்கையிலிருந்து வேலைவாய்ப்பு அனுமதித் திட்டத்தில் கொரியா செல்பவர்களுக்கும் வரும் பிசகுகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி இலக்கணம் கொரிய மொழியில் ஆறு பேச்சு நிலைகளைக் கணக்கிடுகிறது. வணக்கம் சொல்ல அவற்றுள் மூன்று போதும். நெருங்கியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் உரிய தாழ்நிலைப் பேச்சுக்குப் பன்மல் என்று பெயர். அதில் வணக்கம் ‘அன்யோங்’. அன்றாட மரியாதைப் பேச்சு ‘யோ’ என்று முடியும், அதில் ‘அன்யோங்ஹாசேயோ’. அலுவலகக் கூட்டம், செய்தி வாசிப்பு, விமான அறிவிப்பு போன்ற முறைசார்ந்த பேச்சு ‘நிதா’ என்றும், கேள்வியானால் ‘நிக்கா’ என்றும் முடியும், அதில் ‘அன்யோங்ஹாஷிம்னிக்கா’.

அறிகுறி: நீங்கள் ‘அன்யோங்’ என்றதும் அவர் சற்று நிதானித்து, ‘அன்யோங்ஹாசேயோ’ என்று முழுவதுமாகச் சொல்கிறார்

இதைப் பலர் வெறும் பதில் வணக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நீங்கள் எந்த நிலையில் பேசியிருக்க வேண்டும் என்பதை அவர் பேசிக் காட்டுகிறார். கொரியாவில் நேரடியாகக் கண்டிக்காமல் திருத்தும் முறை பெரும்பாலும் இதுதான். அவர் உங்களுடைய பிறந்த ஆண்டைக் கேட்டால் அதுவும் இதே குழப்பத்தின் விளைவாக இருக்கலாம்: இவர் என்னைவிட மூத்தவரா, அதனால்தான் இப்படிப் பேசுகிறாரா என்று சரிபார்க்கிறார்.

தமிழருக்கு இந்தப் பிழை வரக் குறிப்பான காரணம் ஒன்று உண்டு. தமிழில் ‘வணக்கம்’ என்ற சொல்லுக்கு நிலை கிடையாது. முதலமைச்சரிடமும் அதே சொல், பக்கத்து வீட்டுப் பையனிடமும் வேடிக்கையாக அதே சொல். மரியாதை நீ, நீங்கள் என்பதிலும் வினைமுற்றிலும்தான் இருக்கிறது. ஆகவே வணக்கச் சொல்லைப் பெயர்ச்சொல் போல ஒரு முறை மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைக்கிறோம். கொரிய வணக்கம் வினையாகத் திரிந்து வருவது; ‘வா’, ‘வாங்க’, ‘வாருங்கள்’ என்பவற்றுக்கு இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் அந்த மூன்று வடிவங்களுக்கும் இடையே இருக்கிறது. இரண்டாவது காரணம் நாடகத் தொடர்கள். அவற்றில் காதில் அதிகம் விழுவது காதலர், நண்பர், உடன்பிறந்தார் பேசும் பேச்சு என்பதால் பன்மல்தான் முதலில் பதிகிறது.

திருத்தம் எளிது: ‘அன்யோங்’ என்பதை வாயிலிருந்து முற்றிலும் எடுத்துவிட்டு, யாரைக் கண்டாலும் ‘அன்யோங்ஹாசேயோ’ என்று தொடங்குங்கள். உங்களைவிட இளையவராகத் தோன்றும் கடைப் பணியாளரிடமும் அப்படியே. முன்பின் அறியாத, வயதுவந்த எவரிடமும், அவர் உங்களைவிட இளையவர் என்பதற்காகப் பன்மல் பேசக் கூடாது. பேசினால் கொரியர்களே அதை முரட்டுத்தனம் என்பார்கள். பன்மல்லைக் கேட்டால் புரிந்துகொள்ளும் அளவுக்குப் படித்து வைத்துக்கொள்வது தேவை. முதல் சில மாதங்களுக்குப் பேசிப் பழகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

சொல் சரியாக இருந்தும் எதிரில் இருப்பவரின் முகம் மாறினால் உங்கள் கையைக் கவனியுங்கள். ‘அன்யோங்ஹாசேயோ’ என்று சொல்லிக்கொண்டே மூத்தவரை நோக்கிக் கையசைப்பது, வார்த்தையில் கொடுத்த மரியாதையைக் கையால் திரும்ப எடுத்துக்கொள்வதாகும். தலையையும் தோளையும் சேர்த்துச் சிறிது குனிய வேண்டும். அவர் கைகுலுக்க நீட்டினால் மட்டுமே நீங்கள் கை கொடுக்க வேண்டும். அப்போதும் இடது கையால் வலது முன்கையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அதே நாளில் அதே மனிதரை நடைவழியில் மறுபடியும் கண்டால் முழு வணக்கம் தேவையில்லை, இலேசாகத் தலை தாழ்த்தினால் போதும். ஒவ்வொரு முறையும் முழுமையாகச் சொன்னால் காலையில் பார்த்ததை மறந்துவிட்டீர்களோ என்று தோன்றும்.

அறிகுறி: வணக்கம் வரை சரி, அடுத்த வாக்கியத்தில் சூழல் குளிர்ந்துவிடுகிறது

‘அன்யோங்ஹாசேயோ’ என்று சொல்லிவிட்டு, சந்தித்ததில் மகிழ்ச்சி என்பதை ‘பன்கவொ’ என்று முடித்துவிடுவதுதான் இங்கே நேரும் பிழை. அது பன்மல். ‘பன்கவொயோ’ என்றோ, முதல் சந்திப்பாதலால் இன்னும் பொருத்தமாக ‘பன்கப்ஸும்னிதா’ என்றோ இருக்க வேண்டும். முதல் வாக்கியத்தில் நீங்கள் என்று தொடங்கி இரண்டாவதில் நீ என்று இறங்கினால் தமிழில் எப்படி ஒலிக்குமோ அப்படித்தான் இதுவும் ஒலிக்கும். தொடக்கம் முதலே நீ என்று பேசியிருந்தால்கூட அறியாமை என்று விட்டிருப்பார்கள்.

வணக்கத்தை ஒரே கட்டியாக மனப்பாடம் செய்ததால் அதில் மரியாதை ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அடுத்த வாக்கியத்தை நாமே கட்ட வேண்டியிருப்பதால், சுருக்கமான வடிவம் முந்திக்கொள்கிறது. திருத்திக்கொள்ளத் தமிழரிடம் கைவசம் ஒரு கருவி இருக்கிறது. கொங்கு நாட்டுப் பேச்சில் ‘சரிங்க’, ‘இல்லீங்க’, ‘ஏனுங்க’ என்று எந்தச் சொல்லின் வாலிலும் ‘ங்க’ ஒட்டுகிறதல்லவா, ‘யோ’வும் ஏறக்குறைய அப்படி ஒட்டும். ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாலும் அதன் பின் ‘யோ’ வர வேண்டும். ஏன் என்பதற்கு ‘வே’ என்று மட்டும் கேட்டால் ‘என்னடா’ என்பது போல இருக்கும். ‘வேயோ’ என்றால் ‘ஏனுங்க’. ஆம் என்பதற்கு ‘உங்’ சொல்லாமல் ‘நே’ சொல்வதும் இதோடு சேர்ந்ததே. ‘உங்’ நம் ‘ம்’ போல ஒலிப்பதால் தமிழர் வாயில் தானாகவே வந்துவிடும், அதைக் கொஞ்சம் காவல் காக்க வேண்டும்.

தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே காதால் மொழி கற்பவர்களுக்கு இந்தப் பிழை வேறொரு வாசல் வழியாக வருகிறது. 2004இல் தொடங்கிய கொரிய வேலைவாய்ப்பு அனுமதித் திட்டத்துக்கு ஆள் அனுப்பும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அத்திட்டத்தில் செல்பவர் தேர்வுக்காகப் படிக்கும்போது மரியாதைப் பேச்சைத்தான் படிக்கிறார். வேலையிடத்தில் மேற்பார்வையாளர் அவரிடம் ‘பப் மொகொஸ்ஸொ?’ என்று கேட்கிறார். சாப்பிட்டாயா என்று பொருள். நம் ஊரைப் போலவே அங்கேயும் அது நலம் விசாரிக்கும் வழக்கம்தான். நாள்தோறும் காதில் விழும் அதே வாக்கியத்தை மறுநாள் அவர் மேற்பார்வையாளரிடமே அன்போடு திருப்பிக் கேட்டுவிடுகிறார். மேலிருந்து கீழே வந்த வாக்கியம் அதே உருவில் மேலே போகக் கூடாது, ‘ஷிக்ஸா ஹாஷ்யொஸ்ஸொயோ?’ என்று மாறிப் போக வேண்டும். முடிவு மட்டுமன்றி, சோற்றைக் குறிக்கும் ‘பப்’ என்ற சொல்லே உணவு என்னும் ‘ஷிக்ஸா’வாக மாறிவிடுவதைக் கவனியுங்கள். பெயர், வயது, உறக்கம் போன்ற சிலவற்றுக்கும் இப்படி உயர்சொல் தனியாக உண்டு. இளையவரிடம் பெயர் கேட்க ‘இரும்’, மூத்தவரிடம் கேட்க ‘சொங்ஹாம்’.

அறிகுறி: எல்லா வாக்கியத்தையும் மரியாதையாகவே முடித்தீர்கள், அவர் சிரிப்பை அடக்குகிறார்

கற்பவர் தனக்குத்தானே மரியாதை கொடுத்துக்கொண்டார் என்பதே பெரும்பாலும் இதன் காரணம். எங்கிருந்து வந்திருக்கிறீர்கள் என்பதற்குக் கொரியர் ‘ஒதியெஸொ ஒஷ்யொஸ்ஸொயோ?’ என்று கேட்பார். கேள்வியில் வந்த வினையையே பிடித்துக்கொண்டு, ‘இந்தோயெஸொ ஒஷ்யொஸ்ஸொயோ’ என்று கற்பவர் பதில் சொல்வார். அதன் சுவை, ‘நான் இந்தியாவிலிருந்து எழுந்தருளியிருக்கிறேன்’ என்பது போன்றது. சொல்ல வேண்டியது ‘இந்தோயெஸொ வாஸ்ஸொயோ’.

தமிழில் ‘நான் வந்தார்’ என்று குழந்தைகூடச் சொல்லாது. ஏனென்றால் தமிழ் வினைமுற்று தன்மை, முன்னிலை, படர்க்கை என்று விகுதியிலேயே ஆளைக் காட்டுகிறது. கொரிய வினை ஆளைக் காட்டுவதில்லை. ‘வாஸ்ஸொயோ’ என்பது வந்தேன், வந்தாய், வந்தான், வந்தோம் அனைத்துக்கும் ஒன்றே. ஆகவே கேள்வியில் இருந்த வினையைப் பதிலில் வைக்கும்போது எதையும் மாற்ற வேண்டும் என்று நமக்கு உறைப்பதில்லை. ஆனால் கேள்வியில் ‘ஷி’ என்ற ஓர் இடைநிலை ஒளிந்திருக்கிறது. வினையைச் செய்தவரை உயர்த்துவது அது. ‘அன்யோங்ஹாசேயோ’வுக்குள்ளும் அது இருக்கிறது, ‘ஷி’யும் அடுத்த உயிரும் சேர்ந்து ‘சே’ என்று ஆகிவிட்டதால் தெரிவதில்லை. ‘அன்யோங்ஹாஷிம்னிக்கா’வில் வெளிப்படையாகவே தெரிகிறது.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: கொரிய மரியாதை இரண்டு தனித்தனி இடங்களில் அமைகிறது. வாலில் வரும் ‘யோ’ நீங்கள் யாரிடம் பேசுகிறீர்களோ அவருக்கான மரியாதை. நடுவில் வரும் ‘ஷி’ நீங்கள் யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ அவருக்கானது. தமிழ்ப் பேச்சும் இதை அறியும். தம்பியிடம் ‘அப்பா வந்துட்டார்டா’ என்கிறோம்: ‘ஆர்’ அப்பாவுக்கு, ‘டா’ தம்பிக்கு. முதலாளியிடம் ‘பையன் வந்துட்டானுங்க’ என்கிறோம்: ‘ஆன்’ பையனுக்கு, ‘ங்க’ முதலாளிக்கு. கொரிய மொழியிலும் இப்படி நான்கு சேர்க்கைகள் உண்டு. நண்பனிடம் நண்பனைப் பற்றிச் சொன்னால் ‘வாஸ்ஸொ’. நண்பனிடம் தந்தையைப் பற்றி ‘ஒஷ்யொஸ்ஸொ’. ஆசிரியரிடம் நண்பனைப் பற்றி ‘வாஸ்ஸொயோ’. ஆசிரியரிடம் தந்தையைப் பற்றி ‘ஒஷ்யொஸ்ஸொயோ’. தன்னைப் பற்றிச் சொல்லும்போது ‘ஷி’ ஒருபோதும் வராது. எதிரில் இருப்பவருக்கு உரிய ‘யோ’ மட்டும் வரும். தன்னைக் குறிக்க மரியாதைப் பேச்சில் ‘நா’ என்னாமல் ‘ஜொ’ என்று தாழ்த்திச் சொல்ல வேண்டும் என்பதும் இதனோடு பொருந்துகிறது.

பயிற்சிக்கு ஒரு வழி: ‘ஷி’ உள்ள கேள்விகள் பத்தை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ‘ஷி’யை உருவிவிட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். கேள்வி காதில் விழுந்ததும் கை தானாக ‘ஷி’யை உருவும் வரை இதைச் செய்ய வேண்டும். இந்த இடைநிலையில் கொரியர்களே தடுமாறுவதுண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடைப் பணியாளர்கள் வாடிக்கையாளர் மீதுள்ள மரியாதை பொங்கி, ‘காப்பி எழுந்தருளியிருக்கிறது’ என்று காப்பிக்கே ‘ஷி’ சேர்த்துவிடுவார்கள். அங்குள்ள மொழி ஆர்வலர்கள் அதைக் கண்டித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அறிகுறி: பெயரைச் சேர்த்து அழைத்தவுடன் முகம் சுருங்குகிறது

வணக்கத்தோடு ஒட்டி வரும் விளி, வணக்கத்தைவிட ஆபத்தானது. ‘ஸ்ஷி’ என்ற ஒட்டைப் பாடநூல்கள் திரு, திருமதி என்பதற்கு இணையாகச் சொல்லிக் கொடுக்கின்றன. அதை நம்பிக் குடும்பப் பெயரோடு மட்டும் சேர்த்து ‘கிம் ஸ்ஷி’ என்று அழைத்தால், கூலிக்கு வந்தவரை ‘ஏம்ப்பா கிம்’ என்று கூப்பிடுவது போல ஒலிக்கும். முழுப் பெயரோடோ சொந்தப் பெயரோடோ சேர்த்தால் ‘ஸ்ஷி’ சரியானதே, ஆனால் சமநிலையில் உள்ளவர்களுக்கும் தனக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் மட்டும். மேலதிகாரிக்குப் பதவிப் பெயரும் ‘நிம்’ என்ற ஒட்டும் வேண்டும்: துறைத் தலைவரானால் ‘பூஜங்நிம்’, ஒரே பதவியில் பலர் இருந்தால் முன்னால் குடும்பப் பெயர் சேர்த்து ‘கிம் பூஜங்நிம்’. ஆசிரியர் ‘சொன்செங்நிம்’. பதவி தெரியாத ஒருவரையும், மரியாதைக்குரியவராகத் தோன்றினால், ‘சொன்செங்நிம்’ என்று விளிக்கலாம். கடை உரிமையாளரை ‘சாஜங்நிம்’ என்பார்கள்.

உடன் வேலை செய்பவர்கள் உங்களைக் ‘குமார் ஸ்ஷி’ என்று அழைப்பதைக் கேட்டு, அறிமுகத்தில் நீங்களே ‘நான் குமார் ஸ்ஷி’ என்று சொல்லிவிடக் கூடாது. மேலே பார்த்த ‘ஷி’ இடைநிலைப் பிழையின் இன்னொரு முகம் இது.

அகராதியில் ‘நீங்கள்’ என்று தேடினால் ‘தங்ஷின்’ கிடைக்கும். அதை வணக்கத்தோடு சேர்த்து நீங்கள் நலமா என்று கேட்கத் தோன்றும். கணவன் மனைவியர் தமக்குள் பேசும்போதும், விளம்பரங்களிலும், தெருச்சண்டையிலும் வரும் சொல் அது. அறிமுகமற்றவரிடம் சொன்னால் சண்டைக்கு இழுக்கிறீர்கள் என்றுதான் கொள்வார்கள். கொரிய மொழியில் மரியாதையான ‘நீங்கள்’ ஒன்றைத் தேடுவதையே விட்டுவிட வேண்டும். பதவிப் பெயரைச் சொல்லுங்கள், அல்லது எழுவாயே இல்லாமல் கேளுங்கள்.

நம்மவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு: பேருந்து நடத்துநர் முதல் பழக்கடைக்காரர் வரை எல்லாரையும் அண்ணா, அக்கா என்போம். அது கொரியாவிலும் செல்லும் என்று நினைத்து, சற்று மூத்த ஆண் எவரையும் பெண்கள் ‘ஒப்பா’ என்று அழைத்தால், இல்லாத நெருக்கத்தைக் காட்டியதாக ஆகிவிடும். உணவகத்தில் பரிமாறும் அம்மையாரை ‘இமோ’, அதாவது சித்தி, என்று அழைக்கும் வழக்கம் அங்கேயும் இருக்கிறது; அதை வைத்துப் பொதுவிதி செய்துகொள்ள வேண்டாம்.

அறிகுறி: விடைபெறும்போது மேலதிகாரி வெறுமனே தலையசைக்கிறார்

விடைபெறும் வணக்கம் இரண்டு என்று முதல் வாரத்திலேயே படித்துவிடுகிறோம்: போகிறவரிடம் ‘அன்யோங்ஹி காசேயோ’, இருக்கிறவரிடம் ‘அன்யோங்ஹி கேசேயோ’. இவற்றை மாற்றிச் சொன்னால் மரியாதைக் குறைவு ஏதுமில்லை, சிரிப்போடு முடிந்துவிடும். மரியாதை கெடுவது ‘சுகோஹாசேயோ’ என்பதில். சிரமப்பட்டு வேலை செய்யுங்கள் என்ற பொருளில், கடையை விட்டு வெளியேறும்போதும் வாடகை வண்டியிலிருந்து இறங்கும்போதும் கொரியர்கள் தாராளமாகச் சொல்வது அது. ‘சேயோ’ என்று முடிவதால் எங்கும் செல்லும் என்று கற்பவர் நினைக்கிறார். மேலதிகாரி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கையில் பயிற்சி பெறுபவர் கிளம்பும்போது அதைச் சொன்னால், பெரியவர் ஒருவருக்கு ‘நன்றாக உழையுங்கள்’ என்று இளையவர் கட்டளையிட்டது போலாகிவிடுகிறது. உழைப்பை மதிப்பிட்டுப் பாராட்டும் உரிமை மேலிருப்பவருக்கு உரியது என்பது அங்குள்ள எண்ணம். தேசியக் கொரிய மொழி நிறுவனம் 2011இல் வெளியிட்ட மொழி மரியாதைக் கையேடும் இதை மேலோரிடம் தவிர்க்கச் சொல்கிறது. இளம் அலுவலர் பலர் இன்று அதைப் பொருட்படுத்துவதில்லை என்றாலும், புதிதாகக் கற்பவர் பழைய வழியில் போவதே பாதுகாப்பு. முதலில் கிளம்புகிறவர் ‘மொன்ஜொ காபோகெஸ்ஸும்னிதா’, அதாவது முன்னதாகச் சென்று வருகிறேன், என்று சொன்னால் யாரும் குறை காண மாட்டார்கள்.

ஓர் உரையாடலைப் பிரித்துப் பார்த்தல்

கொரிய உதிரிபாக நிறுவனம் ஒன்றின் தமிழ்நாட்டுக் கிளையில் இளம் பொறியாளர் ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் மதுரை. முதல் நாள் துறைத் தலைவர் கிம் அவர்களைச் சந்திக்கிறார். இளைஞர் ‘அன்யோங்ஹாஷிம்னிக்கா, கிம் ஸ்ஷி’ என்று தொடங்குகிறார். தலைவர் ‘நே, அன்யோங்ஹாசேயோ. ஒதியெஸொ ஒஷ்யொஸ்ஸொயோ?’ என்கிறார். ‘நானுன் மதுரையெஸொ ஒஷ்யொஸ்ஸொயோ’ என்பது பதில். ‘ஆ, நே. ஷிக்ஸா ஹாஷ்யொஸ்ஸொயோ?’ என்று அவர் கேட்க, ‘உங், மொகொஸ்ஸொயோ’ என்கிறார் இளைஞர். மாலையில் கிளம்பும்போது ‘சுகோஹாசேயோ’ என்று கையசைக்கிறார்.

வணக்கம் குற்றமற்றது, முதல் சந்திப்பில் துறைத் தலைவருக்கு ‘நிக்கா’ வடிவம் பொருத்தம்தான். அதைத் தொடர்ந்த ‘கிம் ஸ்ஷி’ அந்த மரியாதையை அழித்தது. தலைவர் அடுத்த வாக்கியத்திலேயே ‘யோ’ வடிவத்துக்கு இறங்கியதைப் பிழையின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலிருப்பவர் ஒரு படி இறங்கிப் பேசுவது இயல்பு. ‘ஆ, நே’ என்ற குட்டை மறுமொழிதான் அறிகுறி. அதற்கு முந்தைய பதிலில் ‘ஜொனுன்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘நானுன்’ வந்தது, தனக்கே ‘ஷி’ சேர்ந்தது. சாப்பாட்டுக் கேள்விக்கான பதிலில் வினை சரி, ‘உங்’தான் கெடுத்தது. அதோடு, கேட்டவரைத் திருப்பிக் கேட்காமல் நிறுத்தியதும் ஒரு குறை.

திருத்தினால் இப்படி வரும். ‘அன்யோங்ஹாஷிம்னிக்கா, பூஜங்நிம்.’ ஊரைக் கேட்டதும், ‘ஜொனுன் மதுரையெஸொ வாஸ்ஸும்னிதா.’ சாப்பாட்டைக் கேட்டதும், ‘நே, மொகொஸ்ஸும்னிதா. பூஜங்நிமுன் ஷிக்ஸா ஹாஷ்யொஸ்ஸொயோ?’ இந்தக் கடைசிப் பதிலில் ஒரே செயலுக்கு இரண்டு முகம் இருப்பதைப் பாருங்கள்: தான் உண்டது வெறும் ‘மொகொஸ்ஸும்னிதா’, தலைவர் உண்டது ‘ஷி’ சேர்ந்த ‘ஷிக்ஸா ஹாஷ்யொஸ்ஸொயோ’. மாலையில் ‘மொன்ஜொ காபோகெஸ்ஸும்னிதா’ என்று குனிந்து விடைபெறலாம். நிதாவும் யோவும் ஒரே உரையாடலில் கலந்து வருவது பிழையன்று, கொரியர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். இரண்டும் மரியாதையின் எல்லைக்குள்ளேயே இருப்பதால் கலப்பு உறுத்தாது. பன்மல் கலந்தால்தான் உறுத்தும்.

அறிகுறி: மாதக்கணக்கில் பழகியும் நண்பர்கள் விலகியே நிற்கிறார்கள்

மேலே உள்ளவற்றுக்கெல்லாம் அஞ்சிய கற்பவர் எதிர்த்திசையில் தவறுவார். வகுப்புத் தோழரிடம் நாள்தோறும் ‘அன்யோங்ஹாஷிம்னிக்கா’ என்றால், ராணுவத்திலிருந்து வந்தவரா என்று கேலி செய்வார்கள். கொரிய ராணுவத்தில் எல்லா வாக்கியத்தையும் ‘தா’ என்றோ ‘க்கா’ என்றோதான் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் நெடுங்காலம் இருந்தது, 2016இல்தான் அது தளர்த்தப்பட்டது. தோழர்களிடம் முதல் நாளிலிருந்தே ‘யோ’ போதும்.

அதன் பின் பன்மல்லுக்கு இறங்குவது எப்போது என்பது கேள்வி. தானாக இறங்கக் கூடாது, அழைப்பு வர வேண்டும். அழைப்பை மூத்தவர்தான் விடுக்க முடியும். அவர் ‘மல் நோவுல்காயோ?’, அதாவது பேச்சை இறக்கிக்கொள்வோமா, என்று கேட்பார். நீங்கள் இளையவரானால் உங்களால் செய்யக்கூடியது ‘மல்ஸும் ப்யொன்ஹாகே ஹாசேயோ’ என்று சொல்வது மட்டுமே; ‘என்னை நீன்னே சொல்லுங்க சார்’ என்று நாம் சொல்வதற்கு அது நேர். அதைக் கேட்டு அவர் உங்களிடம் பன்மல் பேசத் தொடங்கினால், உங்களுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. அவர் பன்மல்லிலும் நீங்கள் யோவிலுமாகப் பேச்சு பல ஆண்டுகள் ஓடலாம்.

இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்களானால் இறங்குவது எளிது. 2023 ஜூன் 28 முதல் சட்டத்திலும் அரசு நிர்வாகத்திலும் உலக வழக்கப்படியான வயதுக் கணக்கே செல்லும் என்று கொரியா மாற்றிக்கொண்டது. ஆனாலும் யார் மூத்தவர் என்று பேச்சில் தீர்மானிக்கப் பிறந்த ஆண்டைத்தான் இன்னும் கேட்கிறார்கள். அதனால் பிறந்த ஆண்டை யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒரே ஆண்டு என்று தெரிந்ததும் பெரும்பாலும் அவரே பேச்சை இறக்கலாம் என்பார். ‘அன்யோங்’ என்ற சொல்லை எடுத்து வைத்திருந்த இடத்திலிருந்து அப்போது வெளியே எடுக்கலாம், வேண்டுமானால் கையும் அசைக்கலாம்.